ரசீது இல்லை என்று கழிவை மறுக்கும் நோட்டீஸ்: எந்தப் பதிலுக்கு என்ன விலை?

ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம், மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம், கல்விக் கடன் வட்டி ஆகியவற்றை வருமானத்திலிருந்து கழித்துக் காட்டியவருக்கு, "உரிய ஆதாரம் சமர்ப்பிக்கப்படாததால் இக்கழிவுகளை ஏன் மறுக்கக் கூடாது?" என்று கேட்டு வருமான வரித் துறையின் நோட்டீஸ் வரும்போது அவர்முன் மூன்று வழிகள் இருக்கின்றன. காணாமற்போன ரசீதுக்கு ஈடான ஆதாரங்களைத் திரட்டி இனம் இனமாகப் பதில் தரலாம். எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்து வரியைக் கட்டிவிடலாம். இப்போது பேசாமல் இருந்து, ஆணை வந்தபின் மேல்முறையீட்டுக்குப் போகலாம். வடசென்னையில் சம்பளக்காரர்கள் பலர் இரண்டாவதையோ மூன்றாவதையோ தேர்ந்தெடுப்பதைப் பார்க்கிறேன். முதலாவது கடினம் என்ற எண்ணமே அதற்குக் காரணம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்பதில்லை.

ஒப்பிடும் முன், வந்திருப்பது எந்த நோட்டீஸ் என்று தலைப்பில் உள்ள பிரிவு எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். 143(1)(a) என்றிருந்தால் அது பெங்களூரிலுள்ள மையச் செயலாக்க மையத்தின் கணினி அனுப்பியது. ரிட்டர்னிலேயே தெரியும் முரண்பாட்டை, அதாவது உச்ச வரம்பை மீறிய தொகையையோ, புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பழைய வரிமுறைக்கு மட்டுமே உரிய கழிவைக் கேட்டதையோதான் அது சுட்டிக்காட்டும். அங்கே ரசீது கேட்கப்படுவதில்லை. 30 நாட்களுக்குள் ஒப்புக்கொள்வதையோ மறுப்பதையோ இணையத்தில் தெரிவித்தால் போதும். ரசீதைக் கேட்பது கூராய்வு. 143(2) நோட்டீஸில் தொடங்கி, 142(1) நோட்டீஸில் ஆவணங்களைக் கேட்டு, பதில் போதவில்லை என்றால் காரணம் கேட்கும் நோட்டீஸாக முடியும் வழி அது. இந்தக் கட்டுரை இரண்டாவது வகையைப் பற்றியது. இங்கே வரும் பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குரியவை. 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தாலும், அதற்கு முந்தைய ஆண்டுகளின் விசாரணை பழைய சட்டப்படியே நடக்கிறது.

தண்டையார்பேட்டையில் குடியிருந்து மணலியில் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2022-23 நிதியாண்டில், நிலைக்கழிவு போக அவருடைய சம்பளம் 10,50,000 ரூபாய். வருங்கால வைப்பு நிதியில் செலுத்திய 90,000 ரூபாயை நிறுவனமே கழித்து, மீதி 9,60,000 ரூபாய்க்கு வரி பிடித்தது. மற்ற ரசீதுகளை ஜனவரியில் அலுவலகத்தில் கொடுக்கத் தவறியதால், 2023 ஜூலையில் ரிட்டர்ன் தாக்கல் செய்தபோது அவரே மூன்று கழிவுகளைச் சேர்த்தார். 80C பிரிவில் ஆயுள் காப்பீட்டுக்கு 48,000, 80D பிரிவில் மருத்துவக் காப்பீட்டுக்கு 40,000, மகளின் பொறியியல் படிப்புக்கு வாங்கிய கடனுக்காக 80E பிரிவில் 1,44,000, ஆக 2,32,000 ரூபாய். செப்டம்பரில் 48,256 ரூபாய் ரீஃபண்டும் வந்தது. அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தபோது பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த கோப்பு ஊறிக் கூழாகிவிட்டது. 2024 ஜூனில் 143(2) நோட்டீஸ் வந்தது. 2025 பிப்ரவரியில், மொத்தத் தொகையையும் ஏன் வருமானத்தில் திரும்பச் சேர்க்கக் கூடாது என்று கேட்கும் நோட்டீஸ் வந்தது.

ஃபார்ம் 16-இல் இல்லாத கழிவு ரிட்டர்னில் தோன்றி, அதனால் பெரிய ரீஃபண்ட் எழுந்தால் துறையின் கண்ணில் படுவது இயல்பு. போலிக் கழிவுகளைக் காட்டி ரீஃபண்ட் பெற்றுத் தரும் இடைத்தரகர்களைக் குறிவைத்து 2025 ஜூலையில் நாடெங்கும் துறை சோதனை நடத்தியபோது, 80D, 80E இரண்டும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஆகவே நேர்மையாகச் செலுத்தியவரின் பதிலையும் அதிகாரி சந்தேகத்தோடுதான் வாசிப்பார் என்று எண்ணி எழுதுவது நல்லது.

ரிட்டர்னுடன் எந்த ரசீதையும் இணைக்கச் சட்டம் சொல்வதில்லை. கேட்கும்போது காட்ட வேண்டும் என்பதே விதி. காட்ட வேண்டியதும் தாள் ரசீது அன்று. இன்ன ஆண்டில், இன்ன நோக்கத்துக்காக, இவரே பணம் செலுத்தினார் என்பதுதான் நிறுவப்பட வேண்டியது. இந்த மூன்றையும் ரசீதைவிட உறுதியாகக் காட்டும் ஆவணங்கள் வேறு இடங்களில் பத்திரமாக இருக்கின்றன.

ஆயுள் காப்பீட்டில் இது எளிது. எந்த நிதியாண்டுக்கும் செலுத்திய பிரீமியத்துக்கான சான்றைக் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் தளத்திலிருந்தோ கிளையிலிருந்தோ பெறலாம். அதோடு பணம் போன வங்கிக் கணக்கின் அந்த வரிகளைச் சேர்க்க வேண்டும். சம்பளத்திலிருந்து பிரீமியம் பிடிக்கப்பட்டிருந்தால் சம்பளச் சீட்டே செலுத்தியதற்குச் சான்று. நம்மவர் 48,000 ரூபாயையும் இப்படி நிறுவிவிடலாம். பாலிசி யார் பெயரில் உள்ளது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். தன் பெயர், வாழ்க்கைத் துணை, பிள்ளைகள் பெயர் செல்லும். பெற்றோர் பெயரிலுள்ள ஆயுள் பாலிசிக்கு 80C-இல் இடமில்லை. 2012 ஏப்ரலுக்குப் பின் எடுத்த பாலிசி என்றால், பொதுவாகக் காப்புத் தொகையில் 10 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பிரீமியமும் கணக்கில் வராது.

மருத்துவக் காப்பீட்டில் ஒரு முள் இருக்கிறது. 80D-இன்படி பிரீமியம் ரொக்கமாகச் செலுத்தப்பட்டிருக்கக் கூடாது. குடும்பத்துக்கான 22,000 ரூபாய் அவருடைய கணக்கிலிருந்து நேராகப் போயிருக்கிறது. அறுபத்தெட்டு வயதுத் தாயாருக்கான 18,000 ரூபாயை, நம் பக்கத்து வழக்கப்படி, வீட்டுக்கு வந்த ஏஜென்டிடம் கையில் கொடுத்திருக்கிறார். ஏஜென்ட் அதைத் தன் கணக்கிலிருந்து இணையவழியில் கட்டியிருப்பார். நிறுவனத்தின் சான்றிலும் 'ஆன்லைன்' என்றே இருக்கலாம். அதைக் காட்டித் தப்பிக்கலாம் என்று ஏஜென்டே சொல்வார். ஆனால் வங்கிக் கணக்கில் அந்த 18,000 ரூபாயைக் காட்டுங்கள் என்று அதிகாரி ஒரு வரி கேட்டால் பதில் இருக்காது. அதற்குப் பிறகு உண்மையான 22,000 ரூபாயும் சந்தேகத்துக்கு உள்ளாகும். இந்தத் தொகையை விட்டுவிடுவதே சரி.

கல்விக் கடனில்தான் மிகுந்த கவனம் வேண்டும். 80E வட்டிக்கு மட்டுமே கழிவு தருகிறது. தொகைக்கு உச்ச வரம்பு இல்லை, ஆனால் அசலுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. நம்மவர் மாதம் 12,000 வீதம் ஆண்டுக்குக் கட்டிய 1,44,000 ரூபாய் முழுவதையும் வட்டி என்று எழுதிவிட்டார். வங்கியின் வட்டிச் சான்றிதழ் 1,10,000 என்கிறது. மீதி 34,000 அசல். இந்தத் தவறு மிகப் பரவலானது. ரசீது தொலைந்திராவிட்டாலும் இத்தொகை மறுக்கப்பட்டிருக்கும்.

சான்றிதழ் கையில் வந்ததும் இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும். கழிவு கிடைப்பது அந்த ஆண்டில் செலுத்திய வட்டிக்கு. கணக்கில் ஏற்றப்பட்ட வட்டிக்கு அன்று. சில சான்றிதழ்கள் ஏற்றிய வட்டியை மட்டும் காட்டும். தவணை நிலுவையில் இருந்த ஆண்டாக இருந்தால் இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு வரும். ஆகவே சான்றிதழோடு கடன் கணக்கின் பன்னிரண்டு மாத அறிக்கையையும் எடுத்து, வரவான தொகை வட்டியை ஈடுகட்டியதா என்று பார்க்க வேண்டும். நம்மவர் தவணை தவறியதில்லை. 1,10,000 ரூபாயும் செலுத்தியதே. அவர் 2019-20இல் வட்டி கட்டத் தொடங்கியவர். வட்டி கட்டத் தொடங்கிய ஆண்டிலிருந்து எட்டு ஆண்டுகளுக்கு மட்டுமே கழிவு உண்டு. அந்தக் கணக்கில் இது நான்காம் ஆண்டு. கடன் அனுமதிக் கடிதத்தில் அவர் இணைக் கடனாளியாக இருப்பதும், தவணை அவருடைய சேமிப்புக் கணக்கிலிருந்து போயிருப்பதும் முக்கியம். மகள் மட்டுமே கடனாளியாகவும் தந்தை வெறும் ஜாமீன்தாரராகவும் இருந்தால், அவர் கட்டினாலும் இந்தக் கழிவைக் காப்பது கடினம். வங்கி இணைப்புகளால் கடன் கணக்கின் எண் மாறியிருந்தால் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைத்துக் கிளையிலிருந்து ஒரு கடிதம் வாங்கிவிடுவது நல்லது. அதிகாரி வேறு ஊரில் இருப்பவர். இரண்டு எண்களைக் கண்டால் இரண்டு கடன்கள் என்றே கொள்வார்.

ஆக, 2,32,000 ரூபாயில் 1,80,000 நிறுவக்கூடியது, 52,000 நிறுவ முடியாதது. இப்போது மூன்று வழிகளையும் இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம்.

எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தால், இருபது விழுக்காடு வரியும் நான்கு விழுக்காடு செஸ்ஸும் சேர்ந்து 48,256 ரூபாய் திரும்பிப் போகும். நிறுவனம் முழு வரியையும் முன்பே பிடித்திருந்ததால், 234B-இன் மாதம் ஒரு விழுக்காட்டு வட்டி இவருக்கு வராது. மிகையாகப் பெற்ற ரீஃபண்டுக்கு 234D-இன்படி மாதம் அரை விழுக்காடு மட்டும் வரும். செப்டம்பர் 2023 முதல் மார்ச் 2025 வரை 19 மாதக் கணக்கில் அது சுமார் 4,600 ரூபாய். அலுவலகமே கழிவைக் கொடுத்து வரியைக் குறைத்துப் பிடித்திருந்தால் 234B வந்து இந்த வட்டி இரட்டிப்புக்கும் மேலாகியிருக்கும். இவற்றுக்கு மேல் 270A அபராதம் காத்திருக்கிறது. வருமானத்தைக் குறைத்துக் காட்டியதாகக் கொண்டால் அந்த வரியில் பாதி, சுமார் 24,000 ரூபாய். திரித்துக் காட்டியதாகக் கொண்டால் இருமடங்கு, சுமார் 96,500 ரூபாய். வரியை ஒப்புக்கொண்டு கட்டிவிட்டால் அபராதம் தானாக நீங்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது தனியே விண்ணப்பித்துப் பெற வேண்டிய விலக்கு. அதைப் பிறகு பார்ப்போம். உண்மையில் செலுத்திய 1,80,000 ரூபாய்க்குரிய 37,440 ரூபாய் வரிச் சலுகையைத் தூக்கிக் கொடுத்தபின்னும் இத்தனை பின்தொடர்கிறது. மொத்தக் கோரிக்கையே நாலாயிரம் ஐயாயிரம் ரூபாய் வரிக்குள் அடங்கும்போதும், கழிவே தவறாக இருக்கும்போதும் மட்டும்தான் முழுமையாக விட்டுக்கொடுப்பது அறிவுடைமை.

பேசாமல் இருப்பது மூன்றிலும் மோசமானது. 142(1) நோட்டீஸுக்குப் பதில் தராமைக்கே ஒவ்வொரு தவறுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்க 272A இடம் தருகிறது. ஆதாரமே இல்லாத கோரிக்கை என்று ஆணையில் எழுதப்பட்டுவிட்டால், அபராதம் பாதி என்பதிலிருந்து இருமடங்குக்குத் தாவவும் வழி திறக்கிறது. பிறகு 30 நாட்களுக்குள் ஃபார்ம் 35-இல் மேல்முறையீடு. இவருடைய வருமானத்துக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான். ஆனால் வரி வசூலை நிறுத்திவைக்க, 2025-இல் பொதுவாகக் கோரிக்கையில் 20 விழுக்காடு, இங்கே சுமார் 10,600 ரூபாய், முதலில் கட்ட வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய தடை 46A விதி. மதிப்பீட்டு அதிகாரியிடம் காட்டாத ஆதாரத்தை மேல்முறையீட்டில் முதன்முறையாகக் காட்ட, அப்போது ஏன் காட்ட முடியவில்லை என்பதற்குத் தக்க காரணம் வேண்டும். வெள்ளம் வந்தது 2023 டிசம்பரில். வட்டிச் சான்றிதழைத் திரும்பப் பெற அதன்பின் ஓராண்டுக்கு மேல் இருந்தது. அந்தக் காரணம் அங்கே எடுபடாது.

நோட்டீஸையே பார்க்காமல் ஆணை வந்துவிட்டவர்களுக்கு ஒரு மாற்று வழி உண்டு. 264-ஆம் பிரிவின்கீழ் ஓராண்டுக்குள் 500 ரூபாய் கட்டணத்தில் முதன்மை ஆணையரிடம் மறுஆய்வு கேட்கலாம். அந்த ஆணை விண்ணப்பித்தவருக்குப் பாதகமாக அமையக் கூடாது என்பது இதன் நன்மை. மேல்முறையீட்டுக் காலம் முடிந்திருக்க வேண்டும் அல்லது அந்த உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும், அங்கும் தோற்றால் உயர் நீதிமன்றம்தான் என்பது இதன் விலை. 154-ஆம் பிரிவின் திருத்த மனு இதற்கு உதவாது. அது ஆவணத்தில் வெளிப்படையாகத் தெரியும் பிழைக்கானது. புதிய சான்றைச் சேர்ப்பதற்கானது அன்று.

இனம் பிரித்துப் பதில் தருவதென்றால், 1,80,000 ரூபாயை ஆதாரத்தோடு காத்து, 52,000 ரூபாயைத் தாமாகவே விட்டுக்கொடுப்பது. அதனால் சேரும் வரி 10,816 ரூபாய், வட்டி சுமார் 1,000 ரூபாய். அபராதம் வந்தாலும் அதன் அடிப்படை இந்தச் சிறு தொகைதான். அதையும் தவிர்க்க வாய்ப்புண்டு.

பதிலின் அமைப்பு எளிமையாக இருக்க வேண்டும். வெள்ளத்தின் கதை இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். அது ரசீது இல்லாததை விளக்குமே தவிர, செலுத்தியதை நிறுவாது. ஒவ்வொரு கழிவுக்கும் ஒரு பத்தி. கோரிய தொகை, இப்போது நிலைநிறுத்தும் தொகை, இணைப்பின் பக்க எண், பணம் போன தேதி ஆகியவை அதில் இருக்க வேண்டும். கல்விக் கடனுக்கு அது இப்படி அமையலாம்: "80E-இல் 1,44,000 ரூபாய் கோரப்பட்டது. இது ஆண்டில் செலுத்திய மொத்தத் தவணை. வங்கியின் சான்றிதழ்படி இதில் வட்டி 1,10,000 ரூபாய். கடன் கணக்கு அறிக்கையும் என் சேமிப்புக் கணக்கு அறிக்கையும் இணைக்கப்பட்டுள்ளன. அசலாகிய 34,000 ரூபாயைக் கவனக்குறைவால் சேர்த்துவிட்டேன்; அதை மறுப்பதற்கு எனக்கு ஆட்சேபம் இல்லை." பதில்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டாலும் இந்த வரிசை மாற வேண்டியதில்லை. உறுதிமொழிப் பத்திரத்தை மட்டும் இணைத்து அனுப்புவதில் பயனில்லை. ரசீதைப் 'போட்டுத் தருகிறேன்' என்று சொல்பவரிடம் போவது வரித் தகராறைக் குற்ற வழக்காக மாற்றிக்கொள்வதாகும்.

நுங்கம்பாக்கம் அலுவலகத்துக்கு அலைவதிலும் பயனில்லை. முகமில்லா மதிப்பீட்டில் எல்லாம் இ-ஃபைலிங் தளத்தின் `Pending Actions` பகுதியிலுள்ள `e-Proceedings` வழியாகவே நடக்கிறது. அங்கே ஒரு நுட்பம் உண்டு. `Partial Response`, `Full Response` என்று இரண்டு தெரிவுகள் வரும். எல்லா ஆவணமும் கைக்கு வராதபோது இரண்டாவதைத் தேர்ந்துவிட்டால், சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டதாகப் பொருளாகிவிடும். வங்கியின் சான்றிதழ் வரத் தாமதமானால், உள்ளவற்றை உடனே பகுதிப் பதிலாக ஏற்றி, வங்கியிடம் கொடுத்த கடிதத்தின் ஒப்புகைப் பிரதியோடு கால அவகாசம் கேட்பதே முறை. தேவையானால் 133(6)-இன்கீழ் வங்கியிடமோ காப்பீட்டு நிறுவனத்திடமோ நேரடியாகக் கேட்டு உறுதிசெய்யுமாறு பதிலிலேயே வேண்டலாம். உண்மையாகக் கட்டியவர் தயங்காமல் எழுதக்கூடிய வரி அது. அவகாசத்துக்கும் எல்லை உண்டு. இந்த ஆண்டின் மதிப்பீடு 2025 மார்ச் 31-க்குள் முடிய வேண்டியது. ஆகவே மார்ச் நடுவில் கேட்டால் அதிகாரி விரும்பினாலும் தர முடியாது.

1,80,000 ரூபாயை ஏற்று, 52,000 ரூபாயை மட்டும் மறுத்து மார்ச் 20-இல் ஆணை வந்தால், அடுத்த வேலை ஃபார்ம் 68. கோரிக்கை நோட்டீஸின் 30 நாட்களுக்குள் வரியையும் வட்டியையும் கட்டி, மேல்முறையீடு செய்யாமல், ஆணை கிடைத்த மாதத்தின் முடிவிலிருந்து ஒரு மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள், 270AA-இன்கீழ் அபராத விலக்குக் கேட்க வேண்டும். 2025-இல் இருந்த விதிப்படி, குறைத்துக் காட்டியதாகச் சொல்லப்பட்டால் மட்டுமே இந்த விலக்கு. திரித்துக் காட்டியதாக ஆணையில் எழுதப்பட்டிருந்தால் இவ்வழி மூடிவிடும். அசலையும் ரொக்கப் பிரீமியத்தையும் கேட்பதற்கு முன் தாமே வெளிப்படுத்திய பதில் கோப்பில் இருப்பது இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது.

பதில் தந்தும் மொத்தத்தையும் அதிகாரி மறுத்துவிட்டால் கணக்கு மாறுகிறது. விலக்கும் மேல்முறையீடும் ஒன்றாகக் கிடைக்காது. அப்போது 37,440 ரூபாயை விட்டுவிட்டு விலக்கு கேட்பதைவிட மேல்முறையீடே மேல் என்பது என் கருத்து. ஆவணங்கள் எல்லாம் ஏற்கெனவே கோப்பில் ஏறியிருப்பதால் 46A தடை இனி எழாது.

2025-26 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து ரிட்டர்ன் படிவமே பாலிசி எண், காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், கடன் கணக்கு எண், கடன் அனுமதித்த தேதி, நிலுவைத் தொகை ஆகியவற்றைக் கேட்கிறது. ஆகவே பிந்தைய ஆண்டுகளுக்கான நோட்டீஸுக்குப் பதில் எழுதுபவர், வங்கியின் சான்றிதழை ரிட்டர்னில் தாமே நிரப்பிய எண்களோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டே ஏற்ற வேண்டும். எண்ணில் பிழை இருந்தால் அதைப் பதிலின் முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும்.